மொறுமொறு வெண்டைக்காய்

ராசிபுரம் உழவர் சந்தையில் நுனி பட்டென்று ஒடிகிற பிஞ்சு வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கினால், ஏர் ஃப்ரையரில் பாதி வேலை முடிந்தது. முற்றின காய் எந்தச் சூட்டிலும் நாராகத்தான் நிற்கும்.

கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். நீளவாக்கில் நாலாகக் கீறினால் வழவழப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். கால் கிலோவுக்கு 2 டீஸ்பூன் கடலை எண்ணெய் போதும். எண்ணெயே வேண்டாம் என்பவர்களுக்குக் கிடைப்பது மொறுமொறுப்பல்ல, சருகு. உப்பை முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டுக்கொள்ளும். மிளகாய்த்தூளோடு கடைசியில் தூவுவதே சரி. கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பி, 180 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கல். குவித்துப் போட்டால் வறுபடாது, ஆவியில் வெந்துபோகும். குலுக்கும்போது சலசலவென்று சத்தம் வந்து, ஓரம் பழுப்பேறி, நடுவில் பச்சை தெரிந்தால் எடுத்துவிடலாம்.

காலிஃபிளவர் வேறு ரகம். புழுவுக்காக மஞ்சள் போட்ட வெந்நீரில் 2 நிமிடம் முக்குகிறோமே, அந்த அரைவேக்காடுதான் உள்ளே காயாமல் காக்கிறது. நீரை நன்றாக வடித்து, எண்ணெயில் புரட்டி, அதன்மேல் அரிசி மாவு தூவிப் பிசிறுங்கள். பஜ்ஜிக்குப் போல மாவைக் கரைத்துத் தோய்த்தால் கூடையில் வழிந்து ஒட்டும்.

ஆறவிட்டால் இரண்டுமே நமத்துப்போகும். சோறும் ரசமும் தயாரான பிறகு மெஷினைப் போடுங்கள்.