அந்தக் குதிரை என்ன ஆயிற்று?

1965 ஜனவரியில் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஒரு வாசகிக்கு எழுதிய பதில் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முடிவில் மந்திரவாதி காண்டால்ஃப் கப்பலேறி மேற்குக் கடலைத் தாண்டிப் போய்விடுகிறார். சேணமும் கடிவாளமும் இல்லாமல் அவரைச் சுமந்த குதிரை ஷேடோஃபேக்ஸ் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

அதுவும் கூடவே போயிருக்கும், அதில் ஐயமில்லை என்கிறார் டோல்கீன். ஆனால் படைத்தவன் நான், நான் சொல்வதே முடிவு என்ற தோரணை அதில் இல்லை. பழைய வரலாற்று நூல் ஒன்றை ஆராய்கிறவரைப் போல வாதாடுகிறார். அந்தக் குதிரையின் வம்சமே கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. காண்டால்ஃப் சாகப் போகவில்லை, தன் ஊருக்குத் திரும்புகிறார். துறைமுகத்துக்கு அவர் வேறு குதிரையில் வந்திருக்கவே முடியாது. நாவலைப் புரட்டினால், கப்பல் நிற்கும் துறையில் வெள்ளுடை உருவத்தின் அருகே ஒரு பெரிய சாம்பல்நிறக் குதிரை நிற்கிறது. பெயர் மட்டும் சொல்லப்படவில்லை.

அடுத்த வாதம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. கதையை முடித்து எழுதுகிறவர் தாமே பிரிவுத் துயரில் இருப்பதால் குதிரையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதுவும் கரையில் தவித்து நின்றிருந்தால் அதை எப்படி மறந்திருப்பார்? எழுதாமல் விட்டதையே சாட்சியாக்கிவிடுகிறார் டோல்கீன்.

இதன் நுட்பம் முழுதாகப் புரிய, கதைக்குள் இந்தக் கதையை ஏட்டில் எழுதுவது யார் என்று பார்க்க வேண்டும். கடைசிப் பக்கங்களை நாயகன் ஃப்ரோடோ தன் தோழன் சாமுக்காக விட்டுப்போகிறான். மோரியா சுரங்கத்தின் வாசலில் பில் என்ற மட்டக்குதிரையை விட்டுப் பிரிய நேர்ந்தபோது கண்ணீர் விட்டவன் இந்த சாம். அப்படிப்பட்டவன், எஜமானைப் பிரிந்து கரையில் நின்ற குதிரையைப் பார்த்திருந்தால் ஒரு வரியாவது எழுதாமல் இருப்பானா?

எல்லாக் கேள்விக்கும் டோல்கீன் இப்படிப் பதில் வைத்திருக்கவில்லை. நடக்கும் மரங்களான என்ட்களின் தொலைந்துபோன மனைவியரைப் பற்றி 1972இல் கேட்டவருக்கு, தெரியாது என்றே எழுதினார். கதையில் தடயம் இருக்குமிடத்தில் வாதாடினார், இல்லாத இடத்தில் இட்டுக்கட்ட மறுத்தார். அந்த நேர்மைதான் குதிரைக் கடிதத்தை நம்ப வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாவலுக்கு ஒரு பின்னுரை எழுதி, மற்றவர்கள் வேண்டாம் என்றதால் அதை நீக்கிவிட்டார் டோல்கீன். 1992இல்தான் அது அச்சேறியது. அதில் சாமின் பிள்ளைகள், கதையில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று துளைத்தெடுக்கிறார்கள். ஷேடோஃபேக்ஸ் காண்டால்ஃபோடு கப்பலில் போய்விட்டதாக சாம் சொல்கிறான். ஆக, வாசகிக்குச் சொல்ல விடை எப்போதோ எழுதித் தயாராக இருந்தது. ஆனால் அச்சில் வராத அந்தப் பக்கத்தை டோல்கீன் சாட்சிக்கு அழைக்கவில்லை. வாசகியின் கையில் இருந்த புத்தகத்தை வைத்துக்கொண்டே அந்த விடைக்கு வந்து சேர்ந்தார்.