நாள் குறித்த பிறகு

2021 ஜூலை 15 அன்று ஓலா எலக்ட்ரிக் தன் ஸ்கூட்டருக்கு 499 ரூபாயில் புக்கிங்கைத் திறந்தது. அப்போது விலையே அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பணம் கட்டியதாக நிறுவனம் சொன்னது. அடுத்த ஒரு மாதம் முழுக்க நிறுவனர் பவிஷ் அகர்வால் ட்விட்டரில் செய்தியைத் துண்டு துண்டாக விட்டார். ஒரு நாள் பத்து நிறங்கள், பிறகு ஆகஸ்ட் 15 என்ற அறிமுகத் தேதி, இன்னொரு நாள் வண்டி பின்னோக்கி ஓடும் காட்சி.

இந்த டீசர்களில் மெச்ச வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவிலும் வாங்குபவருக்குப் புதிதாக ஒரு விவரம் இருந்தது. "ஏதோ வருகிறது, காத்திருங்கள்" என்று ஐந்து நாள் ஒரே சேதியைச் சொன்னால் மூன்றாம் நாளே சலித்துவிடும்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நாள் எண்ணும் பதிவுகள் கூட்டத்தை ஒரே நேரத்துக்குத் திரட்டிவிடுகின்றன. செப்டம்பர் 8 அன்று விற்பனை திறந்தபோது இணையதளம் சிக்கலில் மாட்டியது. அகர்வால் மன்னிப்புக் கேட்டு 15-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலையின் கட்டுமானமே அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. அக்டோபரில் தருவதாகச் சொன்ன வண்டிகள் டிசம்பர் நடுவில்தான் வாங்கியவர்கள் கைக்கு வரத் தொடங்கின. டீசரின் வேகத்துக்கு ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே என் கணிப்பு.

மணலி புதுநகரில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கும் ஒருவர் இதே முறையைக் கையாள்வதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று விற்பனை. புதன் முதல் சனி வரைக்குமான நான்கு இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் செவ்வாய் இரவே மெட்டா பிசினஸ் சூட்டில் நேரம் குறித்து வைத்துவிடுகிறார். இதில் இரண்டு இடங்களில் அவருக்குச் சறுக்கும். முதலாவது, இன்ஸ்டாகிராம் வழக்கமாகப் பதிவுகளைப் போட்ட வரிசையில் காட்டுவதில்லை. "இன்னும் 3 நாள்" என்று வியாழனன்று போட்டது ஒருவர் கண்ணில் சனிக்கிழமை படலாம். அவர் செவ்வாய்க்கிழமை விற்பனை என்று எண்ணிக்கொள்வார். எனவே விற்பனை நாளைச் சொல்லும் பதிவில் கிழமையையும் தேதியையும் எழுத வேண்டும். நாள் எண்ணுவதற்கு 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிதான் ஏற்றது. அங்கே கவுண்ட்டவுன் ஸ்டிக்கரில் பார்ப்பவரே நினைவூட்டலும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சறுக்கல் பெரியது. வெள்ளியன்று பாக்கெட் கவர் வந்து சேரவில்லை, மழையில் மிளகாய் காயவில்லை என்றாலும், குறித்து வைத்த பதிவு சனிக்கிழமை காலை தானாகப் போய்விடும். சரக்கு தாமதமானது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. நான்கையும் ஒரே இரவில் பூட்டிவைப்பது வசதிதான், ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன். முதல் இரண்டில் பொடியின் சேர்மானத்தையும் விலையையும் சொல்லலாம், தேதி வேண்டாம். தேதி சொல்லும் கடைசி இரண்டும் வரைவாகவே இருக்கட்டும். பாக்கெட்டுகளை ஒட்டி, எண்ணி, எத்தனை பேருக்குத் தர முடியும் என்று தெரிந்த பிறகு, அந்த எண்ணிக்கையையும் சேர்த்து அவர் கையாலேயே வெளியிடட்டும்.