தரம் என்னும் ஒரு சொல்: சிமெண்ட், கம்பி ஒப்பந்தப்புள்ளியின் தமிழாக்கம் குறித்து

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் விவரக்குறிப்பில் ஒவ்வொரு சொல்லும் விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் உடையது. ஒப்பந்தக்காரர் அதனைப் படித்தே பொருளின் விலையைக் கணக்கிடுகிறார். பின்னர் பொறியாளர் அதனைக் கொண்டே பொருளை ஏற்கவோ மறுக்கவோ செய்கிறார். இத்தகைய ஆவணம் ஒன்றின் தமிழ் வடிவம் என் பார்வைக்கு வந்தது. அதன் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கு ஆராயலாம்:

“IS 8112 தரத்திற்கு ஏற்ற, 43 தரமுள்ள சாதாரண சிமெண்டும், இந்தியத் தரம் 1786-க்கு ஏற்ற, உயர்தர உருக்குலைந்த இரும்பு 500டி கம்பிகளும் பயன்படுத்தப்படவேண்டும்.”

இவ்வாக்கியத்தில் ‘தரம்’ நான்கு இடங்களில் வருகிறது. ஆங்கில மூலத்திலோ அவ்விடங்களில் மூன்று வெவ்வேறு கருத்துகள் உள்ளன. முதலாவதும் மூன்றாவதும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட செந்தரத்தைச் சுட்டுகின்றன. இரண்டாவது வலிமை வகையைச் சுட்டுகிறது. நான்காவது உயர்வலிமையைக் குறிக்கவேண்டிய இடம். அங்கு ‘உயர்தர’ என்னும் புகழ்ச்சொல் அமர்ந்துவிட்டது.

இக்குழப்பம் வெறும் நடைக்குறை அன்று. சிமெண்டும் செந்தர மணலும் 1:3 என்னும் விகிதத்தில் கலந்த சாந்தின் கனசதுரம், 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 43 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கவேண்டும் என்பதே 43 என்னும் எண்ணின் பொருள். இவ்வகைக்கு 58 என்னும் மேல்வரம்பும் உண்டு. மேல்வரம்பு உடைய ஒன்றை நன்மை தீமையின் அளவுகோலாகக் கொள்ள இயலாது. ஆயினும் ‘43 தரம்’ என்று படிப்பவர் ‘53 தரம்’ அதனினும் சிறந்தது என்றே கொள்வார். அங்காடியிலும் வேலைத்தலத்திலும் வழங்குவது ‘43 கிரேடு’ என்பதே. மூட்டையில் அச்சிடப்பட்டிருப்பதும் அதுவே. ‘வலிமை வகுப்பு’ எனும் தமிழ்த்தொடர் பொருளைத் தெளிவாக்கும். அதனை வரையறைப் பகுதியில் ஒருமுறை தந்து, உட்பிரிவுகளில் ‘கிரேடு’ என்றே ஆளுதல் நன்று. ‘சாதாரண’ என்பதும் இங்கு அடைமொழி அன்று, பெயரின் பகுதி. ‘ஆர்டினரி போர்ட்லண்ட் சிமெண்ட்’ என முழுமையாகவே நிற்றல் வேண்டும்.

அடுத்து ‘இரும்பு 500டி’. மூலத்தில் இருப்பது Fe 500D. Fe என்பது இரும்பின் வேதியியற் குறியீடு. அதனைச் சொல்லாக மொழிபெயர்த்தவுடன், கம்பியின்மேல் பொறிக்கப்பட்ட அடையாளத்தோடு ஆவணத்தை ஒப்பிட இயலாமற் போகிறது. ‘டி’ என்பதிலோ எழுத்தியல் சார்ந்த இடர் ஒன்று உளது. தமிழ் வரிவடிவத்தில் D, T ஆகிய இரண்டும் ‘டி’ ஆகவே அமையும். ‘டி.எம்.டி. கம்பி’ என்று பழகிய ஒப்பந்தக்காரர், 500-ஐ அடுத்துள்ள ‘டி’யையும் அவ்வழக்கின் எச்சமாகக் கருதி Fe 500-க்கு விலை குறிக்கக்கூடும். இரண்டிற்கும் கம்பி நிலையாக நீளத் தொடங்கும் தகைவின் கீழ்வரம்பு ஒன்றே: 500. ஆனால் அறுபடுமுன் Fe 500 குறைந்தது 12 விழுக்காடும், Fe 500D 16 விழுக்காடும் நீளவேண்டும். கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் வரம்பும் பின்னதற்குக் குறைவு. நிலநடுக்கத்தில் கட்டடம் முறியாது வளைந்து தாங்குவதற்கு இந்நீட்சி தேவைப்படுகிறது. ஓர் எழுத்தின் மயக்கத்தில் இழக்கப்படுவது இதுவே.

‘உருக்குலைந்த’ என்பதோ அகராதியை மட்டும் நம்பியதன் விளைவு. கான்கிரீட் பற்றிக்கொள்ளும் பொருட்டுக் கம்பியின் புறத்தே எழுப்பப்பட்ட வரிகளையே மூலம் குறிக்கிறது. ‘முறுக்குக் கம்பி’ என்னும் வழக்கையும் இங்குக் கொள்ளுதல் கூடாது. அது குளிர்நிலையில் முறுக்கப்பட்ட பழைய கம்பிக்கு அமைந்த பெயர். இன்றைய வெப்பப் பதக் கம்பி முறுக்கப்படுவதில்லை.

இறுதியாக, செந்தர எண். IS 8112-இல் இருந்த 43 கிரேடுக்கான விதிகள் 2015-இல் IS 269-உடன் இணைக்கப்பட்டன. இதனை அறிந்த மொழிபெயர்ப்பாளர் எண்ணைத் தாமே திருத்தலாமா? கூடாது. அவ்வாறு செய்தால் ஆங்கில, தமிழ் வடிவங்கள் இரு வேறு ஆவணங்களாகிவிடும். எண்ணை உள்ளவாறே தந்து, ஐயத்தை எழுத்து வழியே பொறியாளருக்குத் தெரிவிக்கவேண்டும். திருத்தம் வருமாயின் இரு வடிவங்களிலும் ஒருங்கே வருதல் வேண்டும்.

இவ்வடிப்படையில் அவ்வாக்கியம் பின்வருமாறு அமையலாம்:

“சிமெண்ட், IS 8112 செந்தரத்திற்கு இணங்கிய 43 கிரேடு ஆர்டினரி போர்ட்லண்ட் சிமெண்டாக இருத்தல் வேண்டும். வலுவூட்டுக் கம்பிகள், IS 1786 செந்தரத்திற்கு இணங்கிய, Fe 500D கிரேடு, புறவரியுடைய உயர்வலிமை எஃகுக் கம்பிகளாக இருத்தல் வேண்டும்.”

இதில் ‘தரம்’ என்னும் சொல் தனித்து ஓரிடத்தும் இல்லை. மூட்டையையும் கம்பியையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு அதனால் குறை ஏதும் நேர்வதும் இல்லை.