முழுதாக எடுத்தால் ஒன்று, வெட்டினால் பூஜ்யம்

கேரள மண்ணில், சுமார் 1530-இல் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’வில் ஓர் அருமையான வழி உண்டு. நீளத்தைச் சம துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் மதிப்பை எடுத்து, துண்டின் அகலத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். துண்டுகளைப் பொடியாக்கிக்கொண்டே போக வேண்டும். x² என்ற சார்புக்கு 0 முதல் 1 வரை இப்படிக் கூட்டினால் 1/3 வருகிறது.

இதே வழியில் டிரிக்லே 1829-இல் முன்வைத்த விசித்திரச் சார்பைக் கூட்டிப் பார்க்கலாம். விகிதமுறு எண்களில் அதன் மதிப்பு 1, மற்ற இடங்களில் 0. துண்டுகளின் முனைகள் 1/n, 2/n, 3/n என எல்லாமே விகிதமுறு எண்கள். ஆக, n பத்தானாலும் பத்து லட்சமானாலும் கூட்டுத்தொகை அச்சாக 1. கணினியிடம் கேட்டாலும் இதே பதில்தான். அதன் தசம எண்கள் அத்தனையும் விகிதமுறு எண்களே, பாவம்!

விடை 1 என்று எழுதிவிடும் முன், a = 1/√2 என்ற புள்ளியில் வெட்டிப் பார்க்க வேண்டும். ரசனைக்குரிய இடம் இதுதான். 0 முதல் a வரை முனைகள் ka/n. ஒன்றுகூட விகிதமுறு எண் இல்லை, தொகை 0. a முதல் 1 வரை முனைகள் a(1 − k/n) + k/n. இவற்றில் கடைசி முனையான 1 மட்டுமே விகிதமுறு எண். அதன் பங்கு (1 − a)/n. n பெருகப் பெருக அதுவும் கரைந்துவிடும். இரண்டு பகுதிகளும் சேர்ந்து 0, முழுதாக எடுத்தால் 1. தேயிலைத் தோட்டத்தின் நடுவே வேலி போட்டதும் பரப்பே காணாமல் போனதுபோல!

இந்த ஏமாற்றுக்கு இடமில்லாதபடி ரீமான் 1854-இல் ஒரு நிபந்தனை வைத்தார்: துண்டுக்குள் எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும் ஒரே எல்லை வர வேண்டும். துண்டின் அகலம் h என்றால், 1/n < h ஆகுமாறு n-ஐ எடுத்தால் ஏதோ ஒரு k/n உள்ளே விழும். √2/n < h ஆக்கினால் ஏதோ ஒரு k√2/n விழும். எனவே மேற்கூடுதல் என்றும் 1, கீழ்க்கூடுதல் என்றும் 0. சாதாரணத் தொகையீடு இல்லை.

கெட்டிக்கார மாணவர் இங்கே மடக்குவார். விகிதமுறு எண்களை வரிசைப்படுத்தி, ε/2, ε/4, ε/8 என்ற அகலங்களில் ஒவ்வொன்றாக மூடினால் மொத்த அகலம் ε-தானே? சரிதான், ஆனால் அதற்கு முடிவிலாத் துண்டுகள் வேண்டும். ரீமான் அனுமதிப்பது முடிவுறு எண்ணிக்கையில்தான். அத்தனை துண்டுகளின் மொத்த அகலம் 1-க்குக் குறைந்தால் எங்கோ ஓர் இடைவெளி திறந்திருக்கும். அதற்குள் ஒரு விகிதமுறு எண் மூடப்படாமல் நிற்கும். லெபேக் 1902-இல் முடிவிலாத் துண்டுகளை ஏற்றார். அவர் கணக்கில் விடை 0.

சார்பை லேசாக மாற்றினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். எளிய வடிவிலுள்ள p/q-இல் மதிப்பு 1-க்குப் பதில் 1/q என்று வைத்தால், 0 முதல் 1 வரை உயரம் 1/10-ஐ எட்டும் புள்ளிகள் வெறும் 33. அவற்றை மெல்லிய துண்டுகளால் மூடிவிடலாம். மிச்ச இடத்தில் உயரம் 1/10-க்கும் குறைவு. 1/10-ஐ எவ்வளவு சிறிதாக்கினாலும் மூட வேண்டிய புள்ளிகள் எண்ணி முடிபவையே. ஆகவே விகிதமுறு புள்ளி ஒவ்வொன்றிலும் தொடர்ச்சியற்ற இந்தச் சார்புக்கு ரீமான் தொகையீடு உண்டு, அதன் மதிப்பு 0.