போன் தொலைந்தால் சிம்மை முதலில் முடக்காதீர்கள்

ஆண்ட்ராய்ட் போன்களில் கூடவே வரும் 'ஃபைண்ட் ஹப்' வசதிக்கு 2025 வரை 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று பெயர். தொலைந்த போனைத் தேடவும், பூட்டவும், அழிக்கவும் இது உதவும் என்கிறது கூகுள். எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க, பழைய போன் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்து மாநகரப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மனைவியின் போனில் android.com/find பக்கத்தைத் திறந்தேன்.

முட்டுக்கட்டை வாசலிலேயே வந்தது. பாஸ்வேர்டைப் போட்டதும், 'உங்கள் போனில் வந்திருக்கும் அறிவிப்பில் ஆம் என்று அழுத்துங்கள்' என்றது கூகுள். அந்தப் போன்தானே பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறது! இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எட்டு இலக்க 'பேக்கப் கோடு'கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருந்ததால் உள்ளே போக முடிந்தது. கோடும் கையில் இல்லை என்றால் android.com/lock பக்கம் இருக்கிறது. அங்கே போன் நம்பரைக் கொடுத்தாலே திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். செட்டிங்ஸில் 'தெஃப்ட் ப்ரொடெக்‌ஷன்' பகுதிக்குள் 'ரிமோட் லாக்' முன்பே ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். போன் இணையத்திலும், சிம் உயிரோடும் இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் வரைபடத்தில் புள்ளி தெரிந்தது. அதைச் சுற்றியுள்ள வட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். போன் அந்த வட்டத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். நெருக்கமான குடியிருப்பில் எந்த மாடி, எந்த வீடு என்று இது சொல்லாது. புள்ளியை நம்பித் தனியாகப் போய்க் கதவைத் தட்டுவது ஆபத்தும்கூட. சைலண்டில் இருந்தாலும் முழுச் சத்தத்தில் ஐந்து நிமிடம் ஒலிக்கும் பட்டனும் உண்டு. சோபா இடுக்கில் கிடக்கும் போனுக்கு அது அருமை. திருடன் கையில் இருந்தால் அவனை உஷார்ப்படுத்தும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது பூட்டும் வசதிதான். 'இந்தப் போன் தொலைந்தது, அழைக்கவும்' என்று எழுதி மனைவியின் நம்பரைச் சேர்த்தேன். திரை பூட்டிக்கொண்டு, அந்தச் செய்தி மேலே வந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். பிறகு, திட்டப்படி, பூட்டிய திரையை மேலிருந்து கீழே இழுத்து ஏரோபிளேன் மோடை அழுத்தினான். பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை. நேரடித் தொடர்பு அத்தோடு அறுந்தது. பூட்டிய திரையில் இதைத் தடுக்கும் அமைப்பு சில கம்பெனிப் போன்களில் உண்டு. இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

அழிக்கும் பட்டன் கடைசி ஆயுதம். போன் இணையத்தில் இல்லாவிட்டால் கட்டளை காத்திருந்து, அடுத்தமுறை இணையம் கிடைக்கும்போது வேலை செய்யும். மெமரி கார்டில் இருப்பது அழியாமல் போகலாம். அழிந்தபின் போனை வரைபடத்தில் தேட முடியாது. மறுபடி அமைக்க முயன்றால் உங்கள் கூகுள் கணக்கைக் கேட்கும் என்பது மட்டும் ஆறுதல். (ஐபோன் இதில் ஒரு படி மேல்: iOS 15 முதல் அழித்தபின்னும் தேடலாம். ஆனால் கணக்கிலிருந்து போனை நீக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.)

இந்தப் பட்டன்கள் எதுவும் தொட முடியாத ஒன்று சிம். அதைக் கழற்றி வேறு போனில் போட்டால், வங்கி ஓடிபி எல்லாம் அங்கே வரும். அதற்காகப் பதறிப்போய் முதலில் சிம்மை முடக்கினால், மொபைல் டேட்டா நின்று பூட்டும் கட்டளையே போய்ச் சேராது. முதலில் பூட்டுங்கள். முக்கியத் தகவல் இருந்தால் அழிக்கும் கட்டளையையும் கொடுங்கள். அடுத்த நிமிடமே சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். சிம்முக்கே பின் நம்பர் வைத்திருந்தால் கழற்றினாலும் திருடனுக்குப் பயன்படாது.

ஃபைண்ட் ஹப்பில் போனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள தகவல் குறியை அழுத்தினால் ஐஎம்இஐ எண் தெரியும். (*#06# அழுத்திக் குறித்து வைக்காதவர்களுக்கு இது ஒரு வழி.) போலீஸ் புகார் நகல், இந்த எண், அதே நம்பரில் வாங்கிய புது சிம் ஆகியவற்றோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் விண்ணப்பித்தால், வேறு சிம் போட்டாலும் அந்தப் போன் இந்திய நெட்வொர்க்குகளில் இயங்காமல் முடக்கப்படும். விண்ணப்பத்துக்கு ஓடிபி வேண்டும். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால், டூப்ளிகேட் சிம்மை அன்றைக்கே வாங்கிவிடுவது நல்லது.