முதல் முறை திரும்பிப் போகும் மெட்டு

என் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். இரண்டு வரி இசைக்குறிப்பு. கீழே ஒரு செய்தி: "சித்தி, இதுல என்னென்ன நோட்னு ஒவ்வொரு பாரா எழுதித் தாங்க. வாசிச்சுப் பாக்கணும்." கீபோர்டு வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். சுரம் தெரியும், கோடுகள் தெரியாது.

அவள் அனுப்பியது ஜி மேஜர் மினுவெட். பியானோ கற்கும் குழந்தைகள் உலகம் முழுக்க வாசிக்கிற துண்டு. பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-இல் தொடங்கிய குறிப்பேட்டில் இருக்கிறது. அதனால் வெகுகாலம் பாக்கின் படைப்பு என்றே நம்பினார்கள். உண்மையில் இது டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்ட் எழுதியது. மினுவெட் என்பது மூன்று எண்ணிக்கையில் ஆடும் நடனம். மொத்தம் 32 பார். அவள் கேட்டது முதல் 16 பாருக்கு, வலது கை மட்டும்.

எழுதித் தருவதற்கு முன்னால் "இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கு, முழுசா அனுப்பு" என்று திருப்பி அனுப்பினேன். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வளைந்து சுருண்ட ஒரு குறி இருக்கும். அதுதான் ட்ரெபிள் கிளெஃப். அதன் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி வளைகிறது. அந்தக் கோட்டின் பெயர் ஜி. மற்ற எல்லாப் பெயரையும் அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். கோட்டுக்கு மேலுள்ள இடைவெளி ஏ, அடுத்த கோடு பி, அதன் மேல் இடைவெளி சி, நான்காவது கோடு டி. கீழே இறங்கினால் முதல் இடைவெளி எஃப், முதல் கோடு இ. இந்த மெட்டுக்கு ஜிதான் ஆதார சட்ஜம். ஆகவே சுருள் காட்டும் கோட்டை அவள் 'ஸ' என்றே வைத்துக்கொள்ளலாம்.

கிளெஃபுக்குப் பக்கத்தில், மேல் கோட்டின் மீது, ஒரு ஷார்ப் குறி இருக்கிறது. அந்தக் கோடு எஃப். எஃப் என்று எங்கே வந்தாலும் கருப்புக் கட்டையை அழுத்து என்பதுதான் அதன் பொருள். புதியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். முதல் இரண்டு பாரில் எஃப் வருவதே இல்லை. மூன்றாவது பாரில் மேல் கோட்டில், ஷார்ப் குறிக்கு நேர் எதிரில் வருகிறது. அது நினைவுக்கு வந்துவிடும். ஏழாவது பாரில் கீழே, முதல் இடைவெளியில் வருகிறது. அங்கே எந்தக் குறியும் இல்லை. பார்த்தபடியே வெள்ளைக் கட்டையை அழுத்திவிடுவார்கள். மேல் கோட்டில் போட்ட ஷார்ப், எந்த உயரத்தில் வரும் எஃப்புக்கும் பொருந்தும். அவளுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது: ஷார்ப்போடு வாசித்தால் சங்கராபரணம், மறந்தால் ஹரிகாம்போஜி. வாய்ப்பாட்டு படித்த காதுக்கு அந்த நிஷாதம் இறங்கியது உடனே தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் இடது ஓரம் வெட்டுப்பட்டால் கிளெஃபோடு இந்தக் குறியும் தொலைந்துவிடும்.

அதற்கடுத்து மூன்றும் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு பாருக்கு மூன்று எண்ணிக்கை. இந்த எண்கள் முதல் வரியில் மட்டும் வரும். இரண்டாவது வரியை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் தாளம் தெரியாது.

இனி பட்டியல். பெயர்களை வரிசையாகக் கொட்டினால் போதாது. எது நீளம், எது குட்டை என்று தெரிய வேண்டும். நான் எழுதிக் கொடுத்த முறை இது: காற்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு எண்ணிக்கையைப் பிரிக்கும், நடுக்கோடு போட்டு இணைத்த இரண்டு நோட்டும் சேர்ந்து ஒரே எண்ணிக்கை. தாளில் தலைகள் கருப்பாக, தனித்தனிக் காம்போடு நின்றால் ஒரு எண்ணிக்கை. காம்புகளை ஒரு தடித்த பட்டை இணைத்தால் ஒவ்வொன்றும் அரை எண்ணிக்கை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் எட்டு பாரில் ஜியும் எஃப்பும் மட்டும் இரண்டு உயரங்களில் வருகின்றன. மற்ற எல்லாப் பெயருக்கும் ஒரே இடம்தான். ஆகவே அந்த இரண்டுக்கு மட்டும் மேல், கீழ் என்று அடையாளம் வைத்தேன். வெறும் ஜி என்றால் சுருள் காட்டும் இரண்டாவது கோட்டு ஜி.

பார் 1: டி, ஜி-ஏ, பி-சி
பார் 2: டி, ஜி, ஜி
பார் 3: இ, சி-டி, இ-மேல் எஃப் ஷார்ப்
பார் 4: மேல் ஜி, ஜி, ஜி
பார் 5: சி, டி-சி, பி-ஏ
பார் 6: பி, சி-பி, ஏ-ஜி
பார் 7: கீழ் எஃப் ஷார்ப், ஜி-ஏ, பி-ஜி
பார் 8: ஏ, மூன்று எண்ணிக்கையும் நீட்டி

எட்டாவது பாரில் நோட்டின் தலை உள்ளே வெறுமையாக இருக்கும், பக்கத்தில் ஒரு புள்ளியும் இருக்கும். அதனால்தான் மூன்று எண்ணிக்கை. சில பதிப்புகளில் நோட்டுகளுக்கு மேலே அலங்காரக் குறிகளும் இருக்கும். முதல் நாள் அவற்றை விட்டுவிடலாம். நோட்டுகளுக்கு அருகே 1, 5 என்று எண்கள் அச்சாகியிருந்தால் அவை விரல்களின் எண்கள், கட்டைவிரல் 1. அவற்றுக்கும் சுரத்துக்கும் சம்பந்தமில்லை.

எழுதியதும் ஒரு சோதனை: ஒவ்வொரு பாரிலும் சரியாக மூன்று கூறு இருக்கிறதா? மங்கலான படத்தில் பட்டை ஒன்று கண்ணுக்குத் தப்பினால், அரை எண்ணிக்கை நோட்டு முழு எண்ணிக்கையாகிவிடும். பாரில் நான்கோ ஐந்தோ வரும். அப்போதே தெரிந்துவிடும். ஆனால் தலை கோட்டின் மீதா, இடைவெளியிலா என்ற குழப்பத்தை இந்தச் சோதனை காட்டாது. அதற்குப் படத்தைப் பெரிதாக்கி, கோடு தலையின் நடுவே ஊடுருவிப் போகிறதா, ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால் வேறு படம் கேட்பதே நல்லது. ஊகித்து எழுதிய ஒரு நோட்டைக் குழந்தை நூறு முறை வாசித்துப் பழகிவிடும்.

அடுத்த எட்டு பாருக்கு நான் எழுதியது மிகக் குறைவு. 9 முதல் 14 வரை, 1 முதல் 6 வரை உள்ளதேதான். பிறகு:

பார் 15: ஏ, பி-ஏ, ஜி-கீழ் எஃப் ஷார்ப்
பார் 16: ஜி, மூன்று எண்ணிக்கையும் நீட்டி

எனக்கு இந்த மெட்டில் மிகவும் பிடித்த இடம் இந்தப் பட்டியலில்தான் கண்ணில் பட்டது. எத்தனையோ முறை கேட்டும் தெரியாதது, பார் பாராக எழுதியபோது தெரிந்தது. அதை அவளுக்குச் சுரத்தில் எழுதிக் காட்டினேன்.

பார் 5: ம, ப-ம, க-ரி
பார் 6: க, ம-க, ரி-ஸ

ஒரே உருவம், ஒரு படி கீழே. ஒரு சுரத்தில் நின்று, அதற்கு மேலுள்ளதைத் தொட்டு, நான்கு சுரம் சறுக்குகிறது. இரண்டு முறை கேட்டதும் காது மூன்றாவதையும் எதிர்பார்க்கிறது: ரி, க-ரி, ஸ-நி. ஏழாவது பாரில் அது வரவில்லை. நேராகக் கீழ் நிஷாதத்துக்கே இறங்கி, அங்கிருந்து மேல் நோக்கித் திரும்பி, ரிஷபத்தில் போய் நின்றுவிடுகிறது. ரிஷபத்தில் முடிந்த வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். மெட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். பதினைந்தாவது பாரில், முதல் முறை வராத அந்த மூன்றாவது சறுக்கல் அப்படியே வருகிறது: ரி, க-ரி, ஸ-நி. பிறகு ஸ. அவ்வளவுதான், மெட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

இதைக் காதால் ரசிக்க ஒரு வழி இருக்கிறது. 1 முதல் 6 வரை வாசித்துவிட்டு நேராக 15, 16-க்குத் தாவுங்கள். வாக்கியம் எட்டே பாரில் நிறைவாக முடிந்துவிடும். பிறகு எழுதியபடியே 7, 8 வாசியுங்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டே அதை எட்டு பார் தள்ளிப் போட்டிருக்கிறார் பெட்சோல்ட் என்பது விரலுக்கே தெரியும். பார் எண் இல்லாமல் நோட்டுப் பெயர்களை ஒரே ஓட்டமாக எழுதிக் கொடுத்திருந்தால் அவளுக்கு இது கிடைத்திருக்காது.

மறுநாள் அவளே 17 முதல் 24 வரை எழுதி அனுப்பினாள். ஒரு இடத்தில் மட்டும் பிழை. 20-வது பாரில் சி-க்கு முன்னால் ஒரு ஷார்ப் அச்சாகியிருக்கிறது. அதே பாரில் இன்னொரு சி வருகிறது, அதற்குக் குறி இல்லை. முதலாவதைச் சி ஷார்ப் என்றும் இரண்டாவதை வெறும் சி என்றும் எழுதியிருந்தாள். வரிக்கு நடுவே வரும் குறி, அந்தப் பார் முடியும்வரை அதே இடத்தில் வரும் நோட்டுக்கெல்லாம் பொருந்தும். பார்க் கோட்டைத் தாண்டியதும் அது செல்லாது. அதனால்தான் 21-லும் 23-லும் சி-க்கு ஷார்ப்பை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். கிளெஃப் பக்கத்தில் இருக்கும் குறி துண்டு முழுவதற்கும், நடுவில் வரும் குறி ஒரே ஒரு பாருக்கு.

அந்தச் சி ஷார்ப்பைப் பாடிப் பார்க்கச் சொன்னேன். "சித்தி, கல்யாணி மாதிரி இருக்கு!" என்றாள். சரிதான். சுத்த மத்யமம் பிரதி மத்யமமாகிவிட்டது. மேற்கத்திய காதுக்கு அங்கே மெட்டின் வீடே பஞ்சமத்துக்கு இடம் மாறுகிறது, 24-வது பாரில் டியில் போய் அமர்கிறது.

மிச்சமுள்ள 25 முதல் 32 வரை நீங்களே எழுதிப் பாருங்கள். அங்கே சி எல்லாம் பழையபடி சாதாரண சிதான், எஃப் எல்லாம் ஷார்ப். பாருக்கு மூன்று கூறு, கடைசிப் பாரில் ஜி. கடைசியில் ஜி வரவில்லையென்றால் 25-க்குத் திரும்பிப் போய், சுருள் காட்டும் கோட்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குங்கள்.