"மாற்றம் எதுவும் இல்லை" என்ற ஒரு வரி

சி.ஏ. நண்பர் ஒருவர் தன்னுடைய ஆடிட் பேப்பர் ஒன்றைக் காட்டினார். உற்பத்தித் தொழிலில் இருக்கும் ஒரு எல்.எல்.பி., கணக்கு SAP-இல். கொள்முதல் குறைந்த ரிஸ்க் பகுதி என்பதால், பில் விலையை பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிடும் தானியங்கிக் கட்டுப்பாட்டை 2022-23-இல் சோதித்துவிட்டு, அடுத்த வருடம் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். 2023-24-க்கான பேப்பரில் இருந்தது ஒரே வரி: "மாற்றம் எதுவும் இல்லை என அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தெரிவித்தார், சென்ற வருட முடிவு தொடர்கிறது."

எனக்கு இந்த வரி மேல்தான் சண்டை, சுழற்சி முறை மேல் இல்லை. SA 330 பத்தி 14 சொல்வதை நிதானமாகப் படித்தால், மூன்று வருடம் என்பது அங்கே இரண்டாவது நிபந்தனைதான். முதல் நிபந்தனை, கட்டுப்பாடு மாறவில்லை என்பதற்கு இந்த வருடமே சான்று எடுக்க வேண்டும். அதையும் விசாரணையோடு நிறுத்தக்கூடாது, நேரில் கவனிப்பதோ ஆவணத்தைப் பரிசோதிப்பதோ கூடவே இருக்கணும். மாறியிருந்தால் இந்த வருடமே சோதிக்க வேண்டும். மாறவில்லை என்றால்தான், மூன்று ஆடிட்டில் ஒரு முறையாவது என்ற கணக்கு வருகிறது. எங்க ஆளுங்க மொழியில், இது ஒரு cache. மூன்று வருடம் அதன் காலாவதி. ஆனால் அதைச் சரியாக வைத்திருப்பது காலாவதி அல்ல, அடியில் தரவு மாறியதும் cache-ஐ அழிக்கும் வேலை. நடைமுறையில் காலாவதியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரு போன் காலில் முடித்துவிடுகிறார்கள்.

சரி, பரிசோதித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். விலை வித்தியாசத்துக்கான வரம்பு OMR6-இல் இருக்கும், சேமிக்கப்படுவது T169G டேபிளில். சென்ற வருட ஸ்கிரீன்ஷாட்டில் 2 சதவீதம். மார்ச் 31 நிலவரத்திலும் 2 சதவீதம். பெரும்பாலான ஆடிட் இங்கே நின்றுவிடும். ஆனால் இரண்டு நாளின் படம் ஒன்றாக இருந்தால், நடுவில் இருக்கும் பன்னிரண்டு மாதமும் அப்படியே இருந்தது என்று ஆகாது.

அதனால் SCU3-இல் மாற்றப் பதிவைத் தேடினோம். காலி. நண்பர் நிம்மதியானார். எனக்கு ஆகவில்லை, ஏன்னா பதிவு எழுதப்படாமல் இருந்தாலும் அது காலியாகத்தான் இருக்கும். `rec/client` ஆன் ஆகியிருந்தது, நல்லது. ஆனால் அது கவனிப்பது அந்த சிஸ்டத்திலேயே நேரடியாகச் செய்யும் மாற்றத்தை. டெவலப்மென்ட் சிஸ்டத்திலிருந்து டிரான்ஸ்போர்ட் வழியாக வரும் மாற்றம் பதிவாக, டிரான்ஸ்போர்ட் கருவியில் RECCLIENT என்ற தனி அமைப்பு வேண்டும். அது இல்லை. ஒழுங்காக நடக்கும் நிறுவனத்தில் இப்படிப்பட்ட அமைப்புகள் வருவதே டிரான்ஸ்போர்ட் வழியாகத்தான்!

STMS-இல் இம்போர்ட் ஹிஸ்டரியைப் பார்த்தபோது கிடைத்தது. ஜூனில் வரம்பு 10 சதவீதம் ஆகியிருக்கிறது, ஆகஸ்ட் கடைசியில் திரும்ப 2. இரும்பு விலை ஏறியதால் பில்கள் பிளாக் ஆகிக்கொண்டே இருந்தன, பர்ச்சேஸ் ஹெட் ஒப்புதலோடுதான் தளர்த்தினார்கள். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பொய்யும் சொல்லவில்லை, அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. கேள்வி தவறான மேசைக்குப் போயிருக்கிறது.

பத்து லட்ச ரூபாய் ஆர்டரில் இருபதாயிரம் வரைதான் தானாகப் போயிருக்க வேண்டும், அந்த மூன்று மாதமும் ஒரு லட்சம் வரை போகும். அந்தக் காலத்துக்கு இந்தக் கட்டுப்பாட்டை நம்ப முடியாது. ஆகவே அந்த மூன்று மாத பில்கள் அனைத்தையும் எடுத்து, ஆர்டர் விலையை 2 சதவீதத்துக்கு மேல் தாண்டியும் பிளாக் ஆகாதவற்றைப் பிரித்தோம். பதினொன்று. மொத்த வித்தியாசம் மெட்டீரியாலிட்டிக்கு ரொம்பக் கீழே. எல்லாவற்றுக்கும் சப்ளையரின் விலை உயர்வுக் கடிதம் இருந்தது. கணக்கு தப்பவில்லை, "வருடம் முழுக்க இயங்கியது" என்ற முடிவுதான் தப்பு.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிச் சட்டம் 143(3)(i)-இன் கீழ் உள் நிதிக் கட்டுப்பாடு பற்றித் தனிக் கருத்து தர வேண்டிய இடத்தில் இந்தச் சுழற்சியை அப்படியே எடுத்துப்போக முடியாது, அந்தக் கருத்து அந்த வருடத்துக் கட்டுப்பாட்டைப் பற்றியது. குறிப்பிடத்தக்க ரிஸ்க் என்று முடிவு செய்த இடத்திலும் பத்தி 15 பழைய சான்றை அனுமதிப்பதில்லை. இந்த எல்.எல்.பி.க்கு இரண்டும் பொருந்தவில்லை, அதனால் சுழற்சி நியாயம்தான்.

பேப்பரில் இப்போது அந்த ஒரு வரி இருந்த இடத்தில் யாரிடம் கேட்டோம், எந்தப் பட்டியலை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பார்த்தோம், பதிவு உண்மையில் எழுதப்படுகிறதா என்று எப்படிச் சரிபார்த்தோம், எந்த மூன்று மாதம் விலக்கு என்று நாலு வரி இருக்கிறது. வரம்பு திரும்ப 2 ஆகிவிட்டாலும் 2022-23 சோதனையை இனி நீட்ட வேண்டாம், 2024-25-இல் புதிதாகச் சோதிக்கலாம் என்று நண்பர் அடியில் பென்சிலில் எழுதியிருக்கிறார்.